புதுக் கணக்கு தொடங்காதீர்கள்: முடங்கிய விளம்பரக் கணக்கை மீட்கும் வழி

கோவை காந்திபுரத்தில் ஜி.எஸ்.டி. கணக்கு எழுதும் அலுவலகம் வைத்திருக்கிறேன். விளம்பரத் தொழிலுக்கும் எனக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் சில ஆண்டுகளாக மாதத்துக்கு ஒருவராவது, "ஆட் அக்கவுண்ட் முடங்கிப்போச்சுங்க, ஜி.எஸ்.டி. சர்டிபிகேட் கேக்குது, எடுத்துக் குடுங்க" என்று வந்து நிற்கிறார்கள். சான்றிதழை எடுத்துத் தர இரண்டு நிமிடம் போதும். என்னிடம் வருமுன் அவர்கள் செய்துவிட்ட காரியங்களைச் சரிக்கட்டத்தான் வாரக்கணக்காகிறது.

அவிநாசிப் பக்கமிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். குழந்தைகளுக்கான பனியன் துணிகளை இன்ஸ்டாகிராம் விளம்பரம் மூலம் விற்கும் குடும்பம். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கணக்கு முடங்கியிருக்கிறது. என்னிடம் வந்தது பன்னிரண்டாம் நாள்.

"பழசு போனாப் போகுது, புதுசா ஒண்ணு போட்டுக்கலாம்னு தம்பி சொன்னானுங்ணா."

"எத்தனை போட்டீங்க?"

"மூணுங்ணா. மூணும் நின்னுபோச்சு."

முதல் கணக்கு முடங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. அது திருத்தக்கூடிய காரணம். மூன்று புதுக் கணக்கும் அதன்மேல் இன்னொரு குற்றத்தை ஏற்றிவிட்டன. தடை இருக்கும்போது வேறு கணக்கில் விளம்பரம் கொடுத்தால், அதைத் தடையைச் சுற்றிக்கொண்டு போகும் முயற்சி என்று தனியாகவே குறிக்கிறார்கள். பெயர் மனைவியுடையது, கார்டு மச்சானுடையது என்று மாற்றினால் தெரியாது என நினைக்கிறோம். அதே கைப்பேசி, அதே பக்கம், அதே இணையதளம், அதே துணிப் படங்கள் என்றால் தொடர்பு தெரிந்துவிடும். ஆகவே முதல் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கணக்கு முடங்கினால் புதுக் கணக்கு தொடங்காதீர்கள்.

இங்கே சொல்வது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் கணக்குகளைப் பற்றி. கூகுள் விளம்பரக் கணக்கிலும் பொத்தான்கள்தான் வேறு, அடிப்படை இதேதான்.

முடங்கியது எது?

"அக்கவுண்ட் போச்சு" என்று எல்லாரும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். முடங்கக்கூடியவை நான்கு. உங்கள் சொந்த ஃபேஸ்புக் கணக்குக்கு விளம்பரம் கொடுக்கும் அனுமதி ஒன்று. பணம் கழியும் விளம்பரக் கணக்கு இரண்டாவது. அதை உள்ளடக்கிய வணிகத் தொகுப்பு மூன்றாவது. உங்கள் கடையின் பக்கம் நான்காவது. வீட்டில் விளக்கு அணைந்தால் ஃபியூஸா, மீட்டரா, தெருக் கம்பமா என்று பார்க்காமல் பல்பை மாற்றிக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ, எது முடங்கியது என்று பாராமல் மேல்முறையீடு எழுதுவதும் அப்படித்தான்.

கணினியில் Business Support Home என்ற பக்கத்தைத் திறந்தால் எதற்குத் தடை, என்ன காரணம், மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதா என்று தனித்தனியே தெரியும். அதைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கணக்கு எண்ணையும் தாளில் குறித்து வையுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு காட்டினால் அதையும் குறியுங்கள். அவிநாசிக்காரருக்கு இரண்டு தடைகள் இருந்தன: விளம்பரக் கணக்கும், அவருடைய சொந்தக் கணக்கின் விளம்பர அனுமதியும். காரணம், பிறருடைய பிராண்டு உரிமையை மீறியது. பன்னிரண்டு நாளாக அதை அவர் படிக்கவே இல்லை. சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார்.

நிலுவைத் தொகை இருந்தால் அதைக் கட்டிவிடுங்கள். சிலர் கோபத்தில் கார்டை முடக்கிவிடுகிறார்கள். கணக்கு முடங்கினாலும் ஏற்கனவே ஓடிய விளம்பரத்துக்கான பாக்கி இருந்துகொண்டேதான் இருக்கும். பாக்கியை வைத்துக்கொண்டு போய் நியாயம் கேட்டால் எடுபடாது.

நான்கு தாள், நான்கு பெயர்

அவர் கொண்டுவந்த காகிதங்களை மேசையில் வரிசையாக வைத்தேன். ஜி.எஸ்.டி. சான்றிதழில் கணவரின் பெயர், வணிகப் பெயர் Sri என்று தொடங்கியது. முகவரி, இரண்டு ஆண்டுக்கு முன்பே காலிசெய்த குடோன். உத்யம் சான்றிதழ் மனைவியின் பெயரில் இருந்தது, அதே வணிகப் பெயர் Shree என்று எழுதப்பட்டிருந்தது. மின்கட்டண ரசீது கட்டட உரிமையாளர் பெயரில். விளம்பரத்துக்குப் பணம் போனது மச்சானின் கார்டிலிருந்து. இணையதளத்தில் பிராண்டு பெயரும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் மட்டும் இருந்தன. விற்பவர் யார், எந்த ஊர் என்று ஒரு வரிகூட இல்லை.

அந்தக் குடும்பத்துக்கு இது ஒரே தொழில். எங்கோ உட்கார்ந்து இந்தத் தாள்களைச் சரிபார்ப்பவருக்கு இவை நான்கு வேறு ஆட்கள். அவர் உங்கள் கடைக்கு வரப்போவதில்லை, அக்கம்பக்கத்தில் விசாரிக்கப்போவதும் இல்லை. தாளில் இருக்கும் பெயரும், நீங்கள் நிரப்பிய பெயரும், தளத்தில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்பதைத்தான் பார்ப்பார்.

அதனால் ஒரு தாளை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதனோடு பொருத்துங்கள். ஜி.எஸ்.டி. இருப்பவர்களுக்கு அதன் பதிவுச் சான்றிதழான REG-06 படிவமே நல்ல அடிப்படை. தனி உரிமையாளரின் சட்டப் பெயரும், கடையின் வணிகப் பெயரும் அந்த ஒரே தாளில் சேர்ந்து வருகின்றன. பலர் தடுக்கி விழுவதும் இங்கேதான். தனி உரிமையாளர் என்றால் சட்டப்படி தொழிலின் பெயர் உங்கள் பெயர்தான். சரிபார்ப்புப் படிவத்தில் சட்டப் பெயர் கேட்கும் கட்டத்தில் பிராண்டு பெயரை எழுதினால் சான்றிதழோடு பொருந்தாமல் திரும்பிவிடும்.

முகவரி மாறியிருந்தால் முதலில் ஜி.எஸ்.டி. தளத்தில் திருத்துங்கள். உள்ளே நுழைந்து Services, அதில் Registration, அதில் Amendment of Registration Core Fields என்று போனால் REG-14 விண்ணப்பம் வரும். புது இடத்தின் வாடகை ஒப்பந்தமும், உரிமையாளர் பெயரிலுள்ள மின்கட்டண ரசீது அல்லது சொத்துவரி ரசீதும் இணைக்க வேண்டும். இடம் மாறிய 15 நாளுக்குள் இதைச் செய்ய வேண்டும் என்பதே சட்டம். நம் ஆட்கள் ஆண்டுக்கணக்கில் செய்வதில்லை. அதிகாரி 15 வேலை நாளுக்குள் ஒப்புதல் தரவேண்டும், அல்லது REG-03 அறிவிப்பில் விளக்கம் கேட்கவேண்டும். விளக்கத்தை 7 வேலை நாளுக்குள் REG-04 படிவத்தில் கொடுத்தாக வேண்டும். அந்த அறிவிப்பு, பதிவின்போது யாரோ கொடுத்த மின்னஞ்சலுக்குப் போய்க் கிடக்கும். கெடு தாண்டிய பிறகு "ஒண்ணும் வரலீங்களே" என்பார்கள். தினமும் ஒருமுறை தளத்துக்குள் போய்ப் பாருங்கள்.

ஜி.எஸ்.டி. இல்லாத சிறு தொழிலுக்கு உத்யம் பதிவு போதும். udyamregistration.gov.in என்பதே அரசுத் தளம். பதிவுக்கும் திருத்தத்துக்கும் கட்டணம் இல்லை. அரசுத் தளம்போலத் தோற்றமளித்துப் பணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன, முகவரியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தனி உரிமையாளருக்கு உத்யம் பதிவு அவருடைய பான் எண்ணோடு கட்டுண்டது. மனைவியின் பான் எண்ணில் எடுத்த உத்யம், கணவரின் ஜி.எஸ்.டி. தொழிலுக்குச் சான்றாகாது. அவிநாசிக்காரருக்கு அவருடைய பான் எண்ணிலேயே புதிதாக எடுத்தோம். மனைவியின் சான்றிதழை இணைக்காமல் விட்டோம். சான்று நிறைய இருந்தால் நல்லது என்று கையில் கிடைத்ததையெல்லாம் இணைக்காதீர்கள். ஒன்றோடொன்று முரண்படும் ஐந்து தாளைவிடப் பொருந்திவரும் இரண்டு தாள் மேல்.

அதன்பின் இணையதளத்தின் அடியில் சட்டப் பெயர், வணிகப் பெயர், முழு முகவரி, தொலைபேசி, பொருளைத் திருப்பி எடுக்கும் விதி ஆகியவற்றைச் சேர்த்தோம். விளம்பரக் கணக்கின் ரசீது விவரத்தில் ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிந்தோம். தொழிலின் நடப்புக் கணக்கிலிருந்தே இனிப் பணம் போகும்படி செய்தோம். இவற்றுக்கெல்லாம் இரண்டரை வாரம் ஆனது. தீபாவளி நெருங்க நெருங்க, "இன்னொரு கணக்கு மட்டும் போட்டுப் பாக்கட்டுங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். உங்களுக்கும் அதுவே: புதுக் கணக்கு தொடங்காதீர்கள்.

பிழையை எடுத்துவிட்டு மனுப் போடுங்கள்

அவிநாசிக்காரரின் கணக்கு முடங்கக் காரணமானது, திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கிய ஏற்றுமதி சர்ப்ளஸ் சரக்கு. வெளிநாட்டு பிராண்டு முத்திரையோடு இருந்த துணியைப் படம் எடுத்து, அந்தப் பெயரையும் எழுதி விளம்பரம் போட்டிருக்கிறார். "பில்லு இருக்குதுங்ணா, திருட்டுச் சரக்கில்லீங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த பில், சரக்கை இன்னாரிடம் வாங்கினார் என்பதை மட்டுமே காட்டும். அது அசல் சரக்கு என்றோ, அந்த பிராண்டின் பெயரையும் முத்திரையையும் விளம்பரத்தில் போட்டுக்கொள்ள உரிமை உண்டு என்றோ காட்டாது. அதற்கு அந்த நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். சர்ப்ளஸ் வியாபாரத்தில் அது யாரிடமும் இருப்பதில்லை. கார்ட்டூன் உருவம், சினிமா நடிகர் முகம், கால்பந்துக் குழுவின் சின்னம் அச்சிட்ட பனியன்களுக்கும் இதே கதைதான்.

விளம்பரத்தை மட்டும் நீக்கினால் போதாது. விளம்பரத்தை அழுத்தினால் போய்ச் சேரும் இணையப் பக்கத்தையும் பார்ப்பார்கள். அங்கே அதே முத்திரை இருந்தால் மனு நிற்காது. பக்கத்தின் பழைய பதிவுகள், தளத்தின் பொருள் பட்டியல் எல்லாவற்றிலும் தேடி எடுத்தோம். நீக்கிய தேதியைக் குறித்துக்கொண்டோம்.

மேல்முறையீட்டில் எழுதவேண்டியது

என்னிடம் வருமுன்பே அவர் ஒரு மனுப் போட்டிருந்தார். பத்து வருடமாக நேர்மையாகத் தொழில் செய்வதாகவும், குடும்பம் இதை நம்பித்தான் இருப்பதாகவும், எந்தத் தவறும் செய்யவில்லை, உடனே திறக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அவ்வளவும் மனதிலிருந்து வந்தது. ஆனால் படிப்பவருக்கு அதில் சரிபார்க்க ஒரு சங்கதியும் இல்லை. தவறு கண்முன் இருக்கும்போது தவறே இல்லை என்பது மீதி நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

Business Support Home பக்கத்தில் தடையைத் திறந்தால் Request review என்ற பொத்தான் இருக்கும். சில நேரம் அடையாள அட்டை கேட்கும், சில நேரம் முகத்தைக் காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்லும். எழுதக் கட்டம் கொடுத்தால் எளிய ஆங்கிலத்தில் இந்த அளவுக்கு எழுதினால் போதும்:

"கணக்கு எண் இது, முடங்கிய நாள் இது. நான் அவிநாசியில் இந்த வணிகப் பெயரில் குழந்தைகள் ஆடை விற்கும் தனி உரிமையாளர். ஜி.எஸ்.டி. எண் இது. முடக்கத்துக்குக் காரணமான விளம்பரத்தில், எங்களுக்கு அனுமதி இல்லாத பிராண்டு முத்திரை இருந்தது. அந்த விளம்பரத்தையும், பக்கத்திலும் தளத்திலும் இருந்த அவ்வகை ஆடைகளையும் இந்தத் தேதியில் நீக்கிவிட்டோம். முடங்கிய பிறகு மூன்று கணக்குகள் தொடங்கியது எங்கள் தவறு. அவற்றின் எண்கள் இவை. அவற்றைப் பயன்படுத்த மாட்டோம். பதிவுச் சான்றிதழும் வங்கி அறிக்கையும் இணைத்துள்ளோம்."

மூன்று கணக்கு விஷயத்தை நாமே சொல்ல வேண்டுமா என்று தயங்கினார். அவர்களுக்கு அது ஏற்கனவே தெரியும். நாம் மறைத்தால் மனுவின் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்கள்.

அனுப்பியபின் பொறுத்திருங்கள். பொதுவாக இரண்டு நாளில் பதில் வரலாம், கூடுதலும் ஆகலாம். தினம் ஒரு மனு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கதை என்று போகாதீர்கள். அவருக்கு ஒன்பதாம் நாள் பதில் வந்தது. முதல் கணக்கு திறந்தது. மற்ற மூன்றும் மூடியது மூடியதுதான். தீபாவளி அதற்குள் முடிந்துவிட்டது. பன்னிரண்டு நாளை வீணாக்காமல் இருந்திருந்தால் பண்டிகை வியாபாரத்தின் கடைசி வாரமாவது கிடைத்திருக்கும்.

மறுத்துவிட்டால்

இறுதி முடிவு என்று மறுப்பு வந்தாலும் இந்தியச் சட்டத்தில் இன்னும் இரண்டு படி இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப இடைநிலையாளர் விதிகளின்படி, இத்தகைய நிறுவனம் தன் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள சமூக ஊடகம் என்றால் அந்த அலுவலர் இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவேண்டும். விதி வந்தபோது, 15 நாளுக்குள் தீர்க்கவேண்டும் என்று கெடு வைத்தார்கள். மனுவின் நகல், மறுப்பின் படம், சான்றிதழ் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள். புகார் எண் வந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழு. 2022 அக்டோபரில் விதியைத் திருத்தி ஏற்படுத்தியது, 2023 மார்ச் 1 முதல் இயங்குகிறது. gac.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை, டெல்லிக்குப் போகவும் வேண்டாம். குறைதீர் அலுவலரின் பதில் வந்த 30 நாளுக்குள் போட வேண்டும். முதல் படியை விட்டுவிட்டு நேராக இங்கே வந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதிலும் எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எந்த விளம்பரத்தை ஏற்பது என்பது நிறுவனத்தின் வணிக முடிவு என்று சொல்லித் தள்ளப்படலாம். காரணமே சொல்லாமல் முடக்கியது, மனுவைப் பார்க்காமலே மறுத்தது, ஆள்மாறாட்டம், திருட்டு போன்றவற்றை முன்வைத்தால் கேட்கப்படும் வாய்ப்பு கூடுதல். மீளாத கணக்குகளும் உண்டு. வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களை ஒரு நோட்டிலாவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்று அதனால்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

கணக்கைத் திருடி யாரோ விளம்பரம் ஓட்டியதால் முடங்கியிருந்தால் பாதை வேறு. உடனே 1930 எண்ணுக்கு அழைத்து, cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். அந்த ஒப்புகையை மேல்முறையீட்டோடு இணைக்கலாம்.

முடங்கிய செய்தி வெளியே தெரிந்ததும், "சப்போர்ட்டிலிருந்து பேசுகிறோம், இத்தனை ஆயிரம் கொடுத்தால் திறந்து தருகிறோம்" என்று வருபவர்களையும் நம்பாதீர்கள். கடவுச்சொல்லோ ஓ.டி.பி.யோ கேட்பவர் யாராக இருந்தாலும் திருடன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கும் போய், பணமும் போய் என்னிடம் வந்தவர்கள் உண்டு.

திரும்பி வந்த கணக்கை மறுபடி இழக்காதீர்கள்

திறந்த கணக்கு பழைய மீறலை மறப்பதில்லை. அடுத்த தவறுக்கு இரக்கம் குறைவு. ஒரு விளம்பரம் நிராகரிக்கப்பட்டால், படத்தைக் கொஞ்சம் வெட்டி, ஒரு சொல்லை மாற்றி மறுபடி மறுபடி ஏற்றுவது நம்மிடையே பெரும்பழக்கம். காரணம் படித்துத் திருத்தாமல் ஏற்றும் ஒவ்வொரு முறையும் கணக்கின் மேல் ஒரு கீறல் விழுகிறது.

மூலிகை எண்ணெய், பொடி விற்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் தீரும், உடல் பருமன் கரையும் என்று விளம்பரம் செய்வது தளத்தின் விதியை மட்டும் மீறுவதில்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டமே அதைத் தடுக்கிறது. அந்தக் கணக்கை மேல்முறையீட்டில் மீட்டாலும் அதே வாசகத்தோடு காப்பாற்ற முடியாது.

கணக்கின் உரிமையும் உங்கள் கையில் இருக்கட்டும். வணிகத் தொகுப்பை உங்கள் பெயரில் வைத்துக்கொண்டு, விளம்பரம் பார்ப்பவருக்குக் கூட்டாளி அனுமதி மட்டும் கொடுங்கள். நம்பகமான இருவர் நிர்வாகிகளாகவும், இருவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பும் இருக்கட்டும்.

அவிநாசிக்காரர் பொங்கலுக்கு முன் ஒருநாள் அழைத்தார். ஒரு விளம்பரம் நிராகரிக்கப்பட்டிருந்தது. குரலில் பழைய பதற்றம்.

"என்ன பண்ணட்டுங்ணா?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. என்ன காரணம் போட்டிருக்குன்னு முதல்ல படிங்க."

படித்தார். துணியில் இருந்த கார்ட்டூன் கரடிதான் காரணம். அந்த ஒரு படத்தை எடுத்துவிட்டார். கணக்கு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.